காலை விடாத கமரா

வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்குப் பேர்போன ஊர். அங்க ஒரு மண்டபத்தில் நடந்த கூத்தை நேரலையில் காட்டுற வேலை எங்கட கைக்கு வந்தது. கையில் இருந்தது இருபது மடங்கு சூம் உள்ள ஒரு பி.ரி.இசட் கமரா. பக்கவாட்டில் திரும்பும், மேலே கீழே குனியும், கிட்டக் கொண்டுவரும். மூன்றையும் தூரத்தில் இருந்தே இயக்கலாம். பார்க்கவேண்டிய இடங்களை முன்கூட்டியே எண் போட்டுச் சேமித்து வைக்கலாம், அதுதான் பிரிசெற். ரிமோட்டில் PRESET பொத்தானை அமத்தி 3 ஐ அமத்தினால் அப்போதைய பார்வை மூன்றாம் எண்ணில் பதியும். பிறகு வெறும் 3 ஐ அமத்தினால் கமரா அங்க போய் நிற்கும்.

கேட்க எவ்வளவு லேசு! ஆனால் மூன்றாம் எண்ணில் பதிஞ்சு கிடக்கிறது அருச்சுனன் இல்லை. மோட்டர் எத்தனை பாகை திரும்பி நிற்குது, லென்ஸ் எவ்வளவு இழுத்து நிற்குது எண்டதுதான் பதிஞ்சு கிடக்கு. ஆள் நகர்ந்தால் அதுக்குத் தெரியாது. சொற்பொழிவுக்கோ வகுப்புக்கோ இது பெரிய தலையிடி இல்லை, பேசுறவர் மைக்கை விட்டு எங்க போகப் போறார்? கூத்துக்காரர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். தாளத்துக்கு வட்டம் போடுவார், குறுக்கால போவார், திடீரெண்டு திரும்புவார்.

அதனால் முதல் ஒத்திகையில் கமராவைத் தொடாமல், என்னென்ன அசையாது எண்டதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தம். மத்தளக்காரரும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் இடப்பக்கம் ஒரே இடத்தில் நிற்கினம். வரவுக்குத் திரை பிடிக்கிற இடமும் மாறுறேல்லை. ஆட்டக்காரர் தன் அடியைப் பாடும்போது பெரும்பாலும் நடுவில் நின்று பாடுறார். அதைப் பிற்பாட்டுக்காரர் ஏத்துப் பாடும்போதுதான் ஆட்டம் கிளம்புது. இதைப் பிடிச்சவுடன பாதி வேலை முடிஞ்சமாதிரி. ஆட்டக்காரர் பாடினால் கிட்டப் போகலாம், பிற்பாட்டு எடுத்தால் விலகி அகலத்துக்கு வரவேணும். கமராவை எப்ப மாத்துறது எண்டதைப் பாட்டே சொல்லித் தருது.

ஒருபக்கக் கமராவால் இதைச் செய்ய முடியிறதுக்குப் பின்னால ஒரு வரலாறும் இருக்கு. வட்டக்களரியில் சனம் சுத்திவர இருக்கும், ஆட்டக்காரர் எல்லாப் பக்கமும் முகம் காட்டுவார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடுற கூத்தைச் சுருக்கி, ஒருபக்கம் மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்கு ஏற்றமாதிரி அமைத்தார். களரியில் ஆடினால் எங்கட ஒற்றைக் கமரா பாதி நேரம் முதுகைத்தான் காட்டும்.

நாங்கள் முதலில் போட்ட மூன்றாம் எண் இடுப்புக்கு மேல மட்டும். வடமோடி உடுப்பும் கிரீடமும் அந்த அளவில் சும்மா சொல்லக்கூடாது, நல்ல எடுப்பாத்தான் இருந்தது. அண்ணாவியார் ஐயா திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகத்தை எல்லாரும் பாப்பினம். காலை விடாதேங்கோ பிள்ளையள். உதைப் பாத்துத்தான் நாளைக்கு ஒரு பெடியன் பழகவேணும்." உடன மாத்தினம். கிரீடம் தொடக்கம் கால்விரல் வரை, கீழே இன்னும் ஒரு சாண் தரையும் தெரியிறமாதிரி. துள்ளும்போது கால் சட்டத்தை விட்டு வெளியே போகாமல் இருக்க அந்த ஒரு சாண் தேவை.

பட்டியலை ரிமோட்டின் முதுகில் ஒட்டினம்: 0 முழு மேடை, 1 திரை, 2 அண்ணாவியாரும் மத்தளமும், 3 நடு மேடையில் முழு ஆள், 4 அதே இடத்தில் முகம். RESET பொத்தான் ஒரு பிரிசெற்றை அழிச்சுவிடும். இருட்டில் கை மாறிப் போகும் எண்டு அதுக்கு மேல ரேப் ஒட்டினம். பூச்சியத்தில் முழு மேடையை வைச்சதுக்குக் காரணம் இருக்கு. கரண்ட் போய் ஜெனரேற்றர் ஓடினதும் எங்கட கமரா தன்னை ஒருக்காச் சுழட்டிப் பார்த்துவிட்டுப் பூச்சியத்துக்குத்தான் வந்து நிற்கும். சேமிச்சது ஒண்டும் அழியாது. ஆனால் அது முழிக்கிற இடம் சனத்துக்குக் காட்டக்கூடிய இடமா இருக்கவேணும்.

பிரிசெற் மாறும்போது கமரா ஓடுறதைப் பார்க்கிறவைக்குத் தலை சுத்தும். எங்கட கணக்கில் 1 இலிருந்து 2 க்குப் போக ரெண்டு செக்கன், போனபிறகு போக்கஸ் நிலைக்க இன்னும் ஒண்டு. அந்த மூண்டு செக்கனை மறைக்கத்தான் பக்கத்தில் ஒரு சாதாரண கமராவை அகலப் பார்வையில் அசையாமல் வைச்சிருந்தம். நேரலையை அதுக்கு மாத்தி, பி.ரி.இசட்டை ஓடவிட்டு, போக்கஸ் பிடிச்சதைக் கண்ணால கண்டபிறகு திரும்ப இதுக்கு. கைபேசியில் இருந்து அழைக்கவும் வழி இருக்கு. பி.ரி.இசட் ஒப்டிக்ஸ் வகைக் கமராவெண்டால் ஒரே வலையமைப்பில் இருந்துகொண்டு பிரவுசரில் இப்படி அடிக்கலாம், ஐ.பி. முகவரி உங்கட கமராவின்ரயாக இருக்கவேணும்:

```
http://192.168.100.88/cgi-bin/ptzctrl.cgi?ptzcmd&poscall&3
```

ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரை முன்னால எழும்பி நிற்கிற ஆள் மறைச்சால் இது கைகொடுக்கும்.

கூத்துத் தொடங்க அரை மணித்தியாலம் இருக்க, கதிரை தூக்கிக்கொண்டு போன ஒருத்தரின் கதிரைக்கால் முக்காலியில் தட்டியது. 3 ஐ அழைச்சால் ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லை. 4 ஐ அழைச்சால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சுவர்!

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். கமராவுக்கும் மேடைக்கும் இடையில் 15 மீற்றர். அந்தத் தூரத்தில் ஒரு பாகை விலகினால் மேடையில் 26 சென்ரிமீற்றர் விலகும். முழு ஆளைக் காட்டுற பார்வையின் அகலம் ஏறத்தாழ 4 மீற்றர், அதில் 26 சென்ரிமீற்றர் கண்ணில் படாது. முழுச் சூமில் பார்வையின் அகலம் மூன்றரைப் பாகைக்குக் கிட்ட, அதாவது மேடையில் 90 சென்ரிமீற்றர் மட்டும். முகம் நடுவில் இருந்து ஓரத்துக்குப் போகவே ஒரு பாகை காணும். எங்கட முக்காலி அதைவிடக் கூடத் திரும்பியிருந்தது. ஆகவே முக்காலி அசைஞ்சதா எண்டு பார்க்க அகலப் பிரிசெற்றை அழைச்சுப் பயனில்லை, ஆக நெருக்கமானதைத்தான் அழைச்சுப் பார்க்கவேணும்.

அதுக்காகவே 9 ஆம் எண் வைச்சிருந்தம். மேடைச் சுவரில் உள்ள சுவிட்ச் போர்ட்டின் திருகாணி, முழுச் சூமில், சரியா நடுவில். கூத்தில் அதுக்கு ஒரு வேலையும் இல்லை, அது எங்கட சாட்சி. முக்காலி திரும்பினால் எல்லாப் பிரிசெற்றும் ஒரே அளவுதான் விலகும். அதனால் ஒவ்வொண்டாத் திரும்பப் பதியிற அவசரத்தில் இறங்காமல் 9 ஐ அழைச்சம். ரிமோட்டைத் தொடாமல், முக்காலியையே கையால மெல்ல மெல்லத் திருப்பினம். திருகாணி நடுவுக்கு வந்ததும் 4 ஐ அழைச்சால் மைக் பழைய இடத்தில் நிற்குது. ரெண்டு நிமிசம்கூட ஆகேல்லை. முக்காலி ஒருபக்கம் சரிஞ்சிருந்தால் இது சரிவராது, முதலில் மட்டம் பார்க்கவேணும். பிறகு மூன்று காலையும் சுத்தித் தரையில் ரேப் ஒட்டி, முன்னால ரெண்டு கதிரையைக் குறுக்கால போட்டம்.

கூத்து நடந்த நேரத்தில் முக்கால்வாசி 3 இலும் 0 இலும்தான் ஓடியது. வட்டம் போட்டு ஆடும்போது பிரிசெற்றைத் துரத்துறதில் பிரயோசனம் இல்லை, கமரா போய்ச் சேரும்போது ஆள் வேற இடத்தில். 4 ஐ விருத்தத்துக்கு மட்டும் வைச்சுக்கொண்டம், அப்ப ஆட்டம் இல்லை, நின்றுதான் பாடுவினம். ரொறன்ரோவில் இருந்து பார்த்த ஒரு மாமா, கிட்டக் காட்டேல்லையே எண்டு குறைப்பட்டு எழுதினார். அவரின்ர மருமகன்தான் மேடையில். பதிவை அண்ணாவியார் ஐயாவிடம் ஒரு பென் டிரைவில் குடுத்தம். இப்ப ஒத்திகைக்கு வாற சின்னப் பெடியள் 3 ஆம் எண்ணில் எடுத்த பகுதிகளை நிப்பாட்டி நிப்பாட்டிக் கால் பார்க்கிறாங்களாம்.