ஏழு பங்கு

10 செ.மீ. கோட்டை ஏழு சம பங்காக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு பங்கு 1.428 என்று முடிவில்லாமல் ஓடும். 1.4 என்று வைத்துக் குறித்துக்கொண்டே போனால், ஆறு பங்கு 1.4 ஆகவும் கடைசிப் பங்கு மட்டும் 1.6 ஆகவும் நிற்கும். நான்கோ எட்டோ என்றால் மையக்குத்துக்கோடு போட்டுப் பாதி பாதியாக்கிவிடலாம். ஏழுக்கு அது உதவாது.

*

இதற்கான வழி பழையது. யூக்ளிடின் ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. கோட்டின் இடது முனையிலிருந்து குறுங்கோணத்தில் இன்னொரு கோட்டைச் சாய்வாக இழு. காம்பஸைக் கைக்கு வந்த அளவில் விரித்து, அந்தச் சாய்கோட்டில் ஏழு வில் வெட்டு. ஏழாம் புள்ளியை மூலக்கோட்டின் வலது முனையோடு சேர். மூலைமட்டத்தை அந்தச் சேர்ப்புக்கோட்டில் பொருத்தி, அதன் அடியில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மட்டத்தை மட்டும் நகர்த்தி ஆறு, ஐந்து, நான்கு என்று ஒவ்வொரு புள்ளி வழியாகவும் இணைகோடு போடு. அவை மூலக்கோட்டை வெட்டும் இடங்கள்தான் பங்குகள்.

காம்பஸ் எவ்வளவு விரிந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஏழு தடவையும் அதே விரிவாக இருந்தால் போதும். சாய்கோட்டில் இருக்கும் சமத்தை இணைகோடுகள் அப்படியே கீழே இறக்கிவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம் என்று படிப்பது இதைத்தான்.

*

விரிவு எதுவானாலும் சரி என்பது தாளில் முழு உண்மை இல்லை. சாய்வை 10 டிகிரியாக வைத்து, காம்பஸை 3 செ.மீ. விரித்தால் ஏழாம் புள்ளி 21 செ.மீ. தள்ளிப் போய்விடும். அங்கிருந்து வரும் கோடு மூலக்கோட்டை 19 டிகிரியில்தான் வெட்டும். அரை மி.மீ. தடிமனுள்ள பென்சில் கோடு அந்தச் சாய்வில் ஒன்றரை மி.மீ. நீளத்துக்கு இழுபடும். எது வெட்டும் புள்ளி என்று கண்ணுக்குத் தெரியாது. 40 டிகிரி சாய்வு, 1.5 செ.மீ. விரிவு என்றால் ஏழாம் புள்ளி 10.5-இல் நிற்கும், வெட்டும் நறுக்கென்று விழும். மொத்தத் தொலைவு மூலக்கோட்டின் நீளத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

*

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து டியூஷன்களில் இது பொதுத்தேர்வின் எட்டு மதிப்பெண் கேள்வியாக வரும்: ஒத்த முக்கோணம் வரைக, அளவு காரணி 7/4. பிள்ளைகள் ஏழு புள்ளி வரை சரியாகப் போடுவார்கள். பிறகு பழக்கத்தில் ஏழாம் புள்ளியையே அடிப்பக்கத்தின் முனையோடு சேர்த்து, நான்காம் புள்ளி வழியாக இணைகோடு போட்டுவிடுவார்கள். வந்து நிற்பது 4/7 முக்கோணம். முனையோடு சேர வேண்டியது எப்போதும் பின்னத்தின் கீழ் எண். இங்கே நான்கைச் சேர்த்து, ஏழு வழியாக இணைகோடு போட்டு, அடிப்பக்கத்தை நீட்டி வெட்ட வேண்டும். காரணி ஒன்றுக்கு மேல் இருக்கும்போது முக்கோணம் சிறுத்தால், அழிப்பானை எடுக்கலாம்.

*

தகடு வேலை செய்கிறவர்களுக்குக் காம்பஸே வேண்டாம். 500 மி.மீ. அகலத் தகட்டை ஏழு பட்டையாக்க வேண்டும் என்றால், டேப்பின் பூஜ்யத்தை ஒரு விளிம்பில் வைத்து, எதிர் விளிம்பில் 560 வரும்வரை டேப்பைச் சாய்ப்பார்கள். 560 ஏழால் மீதியின்றி வகுபடும். 80, 160, 240 என்று 480 வரை ஸ்கிரைபரால் கீறிவிட்டு, தகட்டின் மறுகோடியிலும் அதே சாய்ப்பு, அதே கீறல். ஒத்த குறிகளைச் சேர்த்தால் ஒவ்வொரு பட்டையும் 71.4 மி.மீ. வரும். டேப்தான் சாய்கோடு, தகட்டின் விளிம்புதான் இணைகோடு. இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத தகட்டில் இது வேலைக்கு ஆகாது.

*

பூந்தமல்லி சாலை ஓரத்துக் கிரில் பட்டறையில் கணக்கு இன்னும் ஒரு படி போகும். சன்னல் சட்டத்தின் உள் அகலம் 900 மி.மீ., நடுவில் 12 மி.மீ. சதுரக் கம்பி ஆறு. 900-ஐ ஏழாக்கி ஒவ்வொரு குறியிலும் கம்பியின் மையத்தை வைத்தால், உள் இடைவெளிகள் 116.6 ஆகவும், இரண்டு ஓர இடைவெளிகள் மட்டும் 122.6 ஆகவும் வரும். பெயின்ட் அடித்து மாட்டிய பிறகு அந்த 6 மி.மீ. உறுத்தும். பங்கு தப்பவில்லை, கம்பிக்குத் தடிமன் இருக்கிறது, அவ்வளவுதான். சட்டத்தின் இரு பக்கமும் அரைக் கம்பி அகலம், அதாவது 6 மி.மீ., வெளியே தள்ளிக் கோட்டை 912 ஆக்கி ஏழாக்க வேண்டும். மையத்துக்கு மையம் 130.3, இடைவெளி எல்லாம் 118.3.

பற்றவைக்கும்போது டேப்பை மறுபடி எடுப்பதில்லை. 118.3-க்கு ஒரு துண்டுக் கம்பியை வெட்டி, இடைவெளிதோறும் நுழைத்துப் பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டே போவது வசதி. ஏழாவது இடைவெளியில் துண்டு ஆடினாலோ, நுழைய மறுத்தாலோ, எல்லாம் புள்ளிப் பற்றாக இருக்கும்போதே தட்டிச் சரி செய்துகொள்ளலாம்.