'குட்டி ஜப்பான்' சீனாவுக்குப் போனால் என்ன ஆகும்?

சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்ற பட்டத்தை நேரு கொடுத்ததாகச் சொல்வார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பெருமை. அதனால்தான் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் ஆங்கில விளம்பரக் கையேடுகளில், அச்சகமோ நூற்பாலையோ எதுவாக இருந்தாலும், 'லிட்டில் ஜப்பான்' எங்காவது ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிடும்.

அந்த இரண்டு சொற்களை அப்படியே சீன மொழியில் எழுதினால் 'ஷியாவ் ரிபென்' என்று வரும். 'ஷியாவ்' என்றால் சின்ன, 'ரிபென்' என்றால் ஜப்பான். அகராதிப்படி தப்பே இல்லை. ஆனால், ஜப்பானியர்களை இளக்காரமாகத் திட்டுவதற்குச் சீனர்கள் பயன்படுத்தும் வசைச்சொல் அதுதான். போர்க்கால வடு இன்னும் ஆறாத நாடு அது. நூல் வாங்க வந்தவரிடம், 'எங்கள் ஊர் அந்த வசைச்சொல்தான்' என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

இதை முதலில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். சீன மொழி படித்துவிட்டு இந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணிடம், ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் நான்கு பக்கக் கையேடு வந்தது. ஷாங்காய் நூல் கண்காட்சியில் கொடுப்பதற்காகத் தயாரித்தது. இந்தியப் பருத்தி நூலைச் சீனத்து நெசவாலைகள் வாங்குவது புதிதல்ல. ராஜபாளையமும் நூலுக்குப் பேர் போன ஊர்.

"குட்டி ஜப்பானை எடுத்துடலாம் அண்ணாச்சி" என்றார் அவர்.

"ஏம்மா, அதுதானே நம்ம ஊரு பேரு?" என்றார் ஆலைக்காரர்.

காரணத்தைக் கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால், எடுத்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். சீனாவில் ஹூனான் மாகாணத்தில் லியுயாங் என்ற நகரம் இருக்கிறது. அவர்களுடைய சிவகாசி அது. ஓர் ஊரின் தொழில் பெருமையைச் சொல்ல, 'இன்னதின் ஊர்' என்ற வாய்பாடு சீன மொழியிலேயே உண்டு. 'இந்தியாவின் பட்டாசு ஊரான சிவகாசிக்கு அருகில்' என்று எழுதியதும் பெருமையும் நின்றது, வசையும் போனது.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. இங்குள்ள நூற்பாலைகள் ஆங்கிலத்தில் 'கன்டாமினேஷன் ஃப்ரீ' என்று எழுதுவது வழக்கம். பஞ்சில் அயல் இழை கலக்கவில்லை என்பது அதன் பொருள். பருத்தி எடுக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் பிளாஸ்டிக் சாக்கின் நார், தலைமுடி, துணி நூல் என்று ஏதாவது பஞ்சோடு சேர்ந்துவிடும். நூலில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை பிளாஸ்டிக் நார், துணிக்குச் சாயம் போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும். பருத்தி சாயத்தை ஏற்கும், அது ஏற்காது. கருநீலத் துணியில் வெள்ளைக் கீற்றாக நிற்கும். அதற்குள் நூல் கப்பலேறி, நெசவாகி, பணம் கைமாறியிருக்கும்.

இந்தச் சொல்லை அகராதி பார்த்து மாற்றினால் 'வு வூரான்' என்று வரும். அதைப் படிக்கும் சீனர், 'சுற்றுச்சூழலை மாசுபடுத்தாத நூல்' என்றுதான் புரிந்துகொள்வார். ஆலை சொல்லாத ஒரு வாக்குறுதி அங்கே முளைத்துவிடும். சொல்ல வந்த விஷயமோ காணாமல் போய்விடும். அயல் இழைக்குச் சீனத் தொழில்காரர்கள் புழங்கும் சொல் 'யீ ஷியென்'. பேச்சுவழக்கில் 'சான் ஸு', அதாவது மூன்று இழை என்றும் சொல்வார்கள். அதைப் போட்டால்தான், எதிரில் இருப்பவர் தொழில் தெரிந்தவர் என்று வாங்குபவருக்குப் படும்.

சொல் சரியானாலும் கூற்று சரியாகிவிடாது. அயல் இழை துளியும் இல்லாத நூலை எந்த ஆலையாலும் உத்தரவாதமாகத் தர முடியாது. நூல் சுற்றும் இயந்திரத்தில் இருக்கும் கண்காணிப்புக் கருவி, நிறமுள்ள இழையை வெட்டி எறிந்துவிடும். வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ இருக்கும் நார் அதன் கண்ணிலிருந்து தப்பிவிடக்கூடும். அதனால் 'அறவே இல்லை' என்பதை எடுத்துவிட்டு, 'அயல் இழை கட்டுப்படுத்தப்பட்ட நூல்' என்று எழுதி, ஆலை தன் சோதனையில் பார்க்கும் உண்மையான அளவைக் கீழே கொடுக்க வேண்டும். இந்த மாற்றத்தை மொழிபெயர்ப்பாளர் தன்னிச்சையாகச் செய்துவிடக் கூடாது. ஆலையின் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஒரு கன்டெய்னர் மீது புகார் வந்தால், வாங்கியவர் முதலில் எடுத்து நீட்டப்போவது இந்தக் கையேட்டைத்தான்.

மூன்றாவது, 'பெஸ்ட்'. நம் கையேடுகளில் இது இல்லாத பக்கமே கிடையாது. 2015-ல் திருத்தப்பட்ட சீன விளம்பரச் சட்டத்தின் 9-வது பிரிவு, 'மிகச் சிறந்த', 'மிக உயர்ந்த', 'தேசிய அளவிலான' போன்ற சொற்களை விளம்பரத்தில் தடை செய்கிறது. மீறினால் குறைந்தபட்ச அபராதமே 2 லட்சம் யுவான், அதிகபட்சம் 10 லட்சம். வெறும் மிரட்டல் இல்லை இது. ஹாங்சோ நகரத்தில் கடலை, செஸ்ட்நட் வறுத்து விற்கும் ஒரு சிறிய கடை, தன் சரக்கு ஊரிலேயே சிறந்தது என்று எழுதி வைத்திருந்தது. யாரோ புகார் கொடுக்க, 2016-ல் 2 லட்சம் யுவான் அபராதம் விழுந்தது. கடைக்காரர் வழக்குப் போட்டார். 2018-ல் நீதிமன்றம் அதை 1 லட்சமாகக் குறைத்ததே தவிர, ரத்து செய்யவில்லை.

அப்படியானால் தரத்தை எப்படிச் சொல்வது? அதற்கு அளவுகோல் இருக்கிறது. நூலின் சீர்மையை உலக ஆலைகளோடு ஒப்பிட 'உஸ்டர்' புள்ளிவிவரம் உண்டு. அதில் 25 சதவீதம் என்றால், உலக ஆலைகளில் கால்வாசிதான் அந்தத் தரத்தையோ அதைவிட நல்ல தரத்தையோ எட்டுகின்றன என்று அர்த்தம். எண் குறையக் குறையத் தரம் கூடும். அதே சட்டத்தின் 11-வது பிரிவு, புள்ளிவிவரம் சொன்னால் மூலத்தையும் சொல்லச் சொல்கிறது. ஆகவே எந்த ஆண்டு வெளியீடு, எத்தனையாம் நம்பர் நூல் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நூல் வாங்குபவர் 'பெஸ்ட்'டை நம்பி ஆர்டர் கொடுப்பதில்லை. இந்த ஒரு வரியைத்தான் தேடுவார்.

மிச்சம் இருந்தது ஆங்கில மரபுத்தொடர்கள். கொடுத்த காசுக்கு நல்ல சரக்கு என்பதை ஆங்கிலத்தில் 'பேங் ஃபார் த பக்' என்பார்கள். பட்டாசு ஊருக்குப் பக்கத்திலிருந்து வெடிச்சத்தத்தை வார்த்தைக்கு வார்த்தை அனுப்பினால் குழப்பம்தான். சீனத்தில் அதற்கு 'ஷிங் ஜியா பி' என்று ஒரே சொல் இருக்கிறது. தரத்துக்கும் விலைக்குமான விகிதம் என்று பொருள். வியாபாரிகள் தினமும் பேசும் சொல். 'வாடிக்கையாளருக்காகக் கூடுதலாக ஒரு மைல் நடப்போம்' என்ற வரிக்கு இப்படி நேர்ச்சொல் தேடத் தேவையில்லை.

"நிஜமா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் அவர்.

"புகார் வந்தா மாதிரியை வாங்கி, நம்ம லேப்ல பார்த்து, ஒரு வாரத்துல பதில் சொல்லுவோம்மா."

மைல் போய், அந்த ஒரு வாரம் கையேட்டில் ஏறியது.

எல்லாம் முடிந்ததும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் சீனப் பிரதியைக் கொடுத்து, படித்துப் புரிந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். ஆலைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். 'இதை நாங்க செய்யறதில்லையே' என்று அவர் சொல்லும் வரி எதுவோ, அதுதான் இன்னும் திருத்த வேண்டிய வரி. அன்றைக்கு அப்படி ஒன்று அகப்பட்டது. மூன்றாம் பக்கத்தில் பஞ்சு மூட்டைப் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், பழைய 'வு வூரான்' அழியாமல் உட்கார்ந்திருந்தது.