24 பக்கத்திலும் அதே பாப்பா

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய படக்கதையின் மூன்று பக்கங்களும் வந்து சேர்ந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றிலும் பாப்பாதான் இருக்கிறாள். வரிசையாக வைத்தால் மூன்று பிள்ளைகள் தெரிகிறார்கள். வாசலில் அப்பத்தா கையைப் பிடித்துச் சந்தைக்குக் கிளம்புகிறவளுக்கு நெற்றி புடைத்திருக்கிறது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. வளையல் கடையில் சிரிப்பவளுக்கு எட்டு வயசு சொல்லலாம். மூன்றையும் மூன்று போட்டோவைப் பார்த்து நேராக வரைந்திருக்கிறாய். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வாசல் போட்டோ போனை முகத்துக்கு வெகு அருகே பிடித்து எடுத்தது. அவ்வளவு கிட்டத்தில் நெற்றியும் மூக்கும் பெருக்கும், காது பின்னால் ஒதுங்கிவிடும். பஸ்ஸில் சாயங்கால வெயில் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது. அந்த நிழலை நீ கன்னக் குழியாக வரைந்துவிட்டாய். வளையல் கடைப் படம் மிகத் தெளிவு. பல்லுக்குப் பல் இடைவெளி, மூக்கோரத்துக் கோடு, கண்ணுக்குக் கீழ் மடிப்பு எல்லாம் தெரிகிறது, எல்லாவற்றையும் வரைந்திருக்கிறாய். குழந்தை முகத்தில் கோடு கூடக் கூட வயசு கூடும். பல்லை ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டிருந்தால் மூன்று வயசு குறைந்திருக்கும்.

அதனால் போட்டோவுக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு மாதிரித் தாள் வேண்டும். போட்டோவைப் பார்த்து அந்தத் தாளை மட்டும் வரை. அது முடிந்ததும் போட்டோக்களை மூடி வைத்துவிடு. 24 பக்கத்தையும் தாளைப் பார்த்துத்தான் வரையவேண்டும். போட்டோ ஒவ்வொன்றிலும் வெளிச்சமும் தூரமும் வேறு. தாளில் இருப்பதோ நீ முடிவு செய்த ஒரே குழந்தை.

அதற்கென்று ஒரே காலையில் புதிதாகப் படம் எடு. பழையவற்றைக் கலக்காதே, போன மாசத்துப் பல் இந்த மாசம் இருக்காது, முடியும் வளர்ந்திருக்கும். நேர் வெயில் படாத திண்ணையில் அவளை நிறுத்து. நீ தரையில் உட்கார்ந்து, கேமராவை அவள் கண் மட்டத்துக்குக் கொண்டு வா. நின்றபடி எடுத்தால் தலை பெரிசாகி, கால் குட்டையாகிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி இருந்து 2x வைத்து எடு. நேர்முகம், இரண்டு பக்கமும் முக்கால் முகம், பக்கவாட்டு, முதுகுப்புறம், முழு உயரம், பிறகு ஒரு சிரிப்பு, ஒரு கோபம் போதும். செல்ஃபி கேமரா வேண்டாம். சில போன்களில் அது இடம் வலம் மாற்றிச் சேமிக்கும், வகிடு எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும்.

தாளில் முதலில் உயரத்தை முடிவு செய். அவள் வயசுப் பிள்ளைகளின் உயரம் தலையளவைப்போல ஐந்து மடங்குக்குச் சற்று மேலே இருக்கும். படக்கதையில் கொஞ்சம் குறைத்தால் முகபாவம் நன்றாகத் தெரியும். நீ நான்கு மடங்கு என்று வைத்துக்கொள். தாளின் குறுக்கே கோடுகள் இழுத்து, எல்லா நிலையிலும் மோவாயும் இடுப்பும் கவுன் விளிம்பும் அதே கோட்டில் விழும்படி வரை. கண் தலையின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். சிரித்தாலும் அழுதாலும் வாயும் புருவமும்தான் மாறும். தலையின் வெளிக்கோடும் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள தூரமும் மாறக்கூடாது.

அடுத்தது, அவளை அவளாக்குவது எது என்று பார். தெருக்கோடியில் வரும்போதே நமக்கு அவளைத் தெரிந்துவிடுகிறதே, மூக்கைப் பார்த்தா கண்டுபிடிக்கிறோம்? இடது நெற்றியில் ஒரு சுழி, எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும் அந்த இடத்தில் முடி எழுந்து நிற்கும். கண்கள் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். புருவம் அடர்த்தி. இந்த மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள், மற்றதை எவ்வளவு எளிமையாக்கினாலும் அவள்தான். வலது கன்னத்து மச்சத்தை வைக்க ஆசையிருந்தால் வை, ஆனால் ஒன்றைக் கவனி. இடப்பக்கம் நடக்கிற பாப்பாவை வலப்பக்கம் நடக்கவைக்க டேப்லெட்டில் படத்தைப் புரட்டினால் சுழியும் மச்சமும் பக்கம் மாறிவிடும். புரட்டிய கையோடு அவற்றைத் திருப்பி வரைந்துவிடு. தாளிலும் ‘அவளுடைய இடது’, ‘அவளுடைய வலது’ என்றே எழுதி வை.

சந்தைக் கூட்டத்தில் அவள் 3 செ.மீ. உயரம்தான் வருவாள். பெரிய முகத்தைச் சுருக்கி அங்கே ஒட்டினால் அப்பிக்கொண்டு நிற்கும். தூரத்துப் பாப்பாவையும் தாளிலேயே தனியாக வரை: கண்ணுக்கு இரண்டு புள்ளி, புருவத்துக்கு இரண்டு கீற்று, எழுந்து நிற்கும் அந்த முடி. கதை ஒரே நாளில் நடப்பதால் உடுப்பு மாறவேண்டியதில்லை. கட்டம் போட்டது வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் கட்டம் எண்ணிக் கை சலித்துவிடும். மஞ்சள் கவுன், ஒரு சிவப்புப் பை, போதும். சந்தை முழுக்க மற்றவர்களுக்கு அந்த மஞ்சளைக் கொடுக்காதே, கூட்டத்தில் கண் தானாக அவளிடம் போகும்.

தோல் நிறத்தைப் போட்டோவிலிருந்து தொட்டு எடுக்காதே. ட்யூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். உன் பக்கங்களிலேயே வாசலில் பாப்பா கறுப்பு, கடையில் வெளுப்பு. அவள் மாநிறத்துக்கு `#A0673F` சரியாக வரும் என்று நினைக்கிறேன், நிழலுக்கு `#7A4528`. நிழலில் சாம்பலோ கறுப்போ கலந்தால் பிள்ளை நோயாளி மாதிரி ஆகிவிடுவாள், சிவப்போடிய பழுப்புதான் உயிர் கொடுக்கும். இரவில் வீடு திரும்பும் பக்கத்திலும் முதலில் இதே நிறத்தைப் பூசு, அதன்மேல் நீலத்தை `Multiply` லேயராகப் போடு. அச்சில் மாநிறம் இன்னும் இருண்டு கலங்கும். புத்தகத்துக்கு எடுக்கப்போகும் அதே தாளில் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு.

வரிசையாக முதல் பக்கத்திலிருந்து தொடங்காதே. இருபது பக்கம் வரைந்த கை முதல் பக்கம் வரைந்த கை இல்லை, முகம் மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். 24 பக்கத்துக்கும் பென்சில் கோட்டை முடித்துவிட்டு, நடுப்பக்கங்களிலிருந்து வண்ணம் தொடங்கு. வாசலில் கிளம்பும் முதல் பக்கத்தைக் கடைசியில் வை, வாசகர் முதலில் பார்ப்பது அதைத்தான். பென்சில் முடிந்ததும் எல்லாப் பக்கத்துத் தலைகளையும் தனியாக வெட்டி, ஒரே அளவாக்கி வரிசையில் ஒட்டிப் பார். வேறு வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று உடனே தெரியும். அந்தத் தலையை மட்டும் மாற்றினால் போதும்.

அப்பத்தாவுக்கும் தாள் வேண்டும், எல்லாப் பக்கத்திலும் அவரும் வருகிறார். அந்தத் தாளில் பாப்பாவையும் அவர் பக்கத்தில் நிற்கவை. உன் வாசல் பக்கத்தில் பாப்பா அப்பத்தாவின் இடுப்புக்கு நிற்கிறாள், வளையல் கடையில் தோளைத் தொடுகிறாள். இடுப்புதான் சரி. இரண்டு தாளையும் வண்ணம் பூசுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா