நாலு விசில் என்றால் எத்தனை நிமிடம்?

சாம்பாருக்குத் துவரம்பருப்பு எத்தனை விசில் என்று பத்து பேரைக் கேளுங்கள். மூன்று என்பார்கள், நாலு என்பார்கள், ஆறு என்பவரும் உண்டு. எல்லோர் வீட்டிலும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது! காரணம், விசில் நேரத்தைச் சொல்வதில்லை. உள்ளே தேவைக்கு மேல் சேர்ந்த ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது, அவ்வளவுதான். முதல் விசில் வரும்போதே குக்கருக்குள் முழு அழுத்தம் வந்துவிடும். சூடு சுமார் 120 டிகிரி. அதன்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சூடு ஏறாது. ஆவிதான் வீணாக வெளியேறும், விசில்தான் அடிக்கடி வரும்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு தேவைப்பட்டது மாமியாருக்காக. எழுபத்தெட்டு வயது. காது மந்தமான பிறகு குக்கர் வைத்தாலே, "எத்தனையாச்சும்மா?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் சமையலறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சமைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் அவரையே சமைக்கச் சொல்லிவிட்டு செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். மூன்று லிட்டர் குக்கர், அரை டம்ளர் துவரம்பருப்பு, இருபது நிமிடம் ஊறியது, மூன்று பங்கு தண்ணீர். அவர் எப்போதும் சின்ன பர்னரில், மிதமான தீயில்தான் வைப்பார். முதல் விசிலுக்கும் நாலாவது விசிலுக்கும் இடையே 8 நிமிடம் ஆனது. மறுநாள் அதே அளவை, அதே குக்கரில், பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்துப் பார்த்தேன். அதே மூன்று இடைவெளியும் இரண்டேகால் நிமிடத்தில் முடிந்துவிட்டது. பருப்பு உருமாறவில்லை, விரலால் நசுக்கினால் நடுவில் நறநறவென்றது. இரண்டுமே 'நாலு விசில்'தான்.

ஆக, மாமியாரின் நாலு விசில் என்பது 8 நிமிடம். இப்போது முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்துவிட்டு, போனில் 8 நிமிடம் டைமர் வைக்கிறார். முதல் விசிலைக் கேட்க வேண்டியதே இல்லை. வெயிட் எழும்பி ஆவி பீய்ச்சுவது கண்ணுக்கே தெரியும். போன் மடியில் அதிர்ந்ததும் எழுந்து போய் அடுப்பை அணைக்கிறார். சிம்மில் இருக்கும்போது இடையில் ஒரு விசில் வரலாம், வராமலும் போகலாம். வெயிட்டின் ஓரத்தில் லேசாக ஆவி கசிந்துகொண்டிருந்தால் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் நின்றுவிட்டால் தீ போதவில்லை. கொஞ்சம் கூட்டிவிட்டு, மறுபடி ஆவி வந்த பிறகே நிமிடத்தை எண்ண வேண்டும்.

அடுப்பை அணைத்த பின்னும் பத்து நிமிடம் உள்ளே வேக்காடு நடக்கிறது. இந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் பருப்பு வெண்ணெயாகும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால், எண்ணி வைத்த 8 நிமிடம் போதாது. பழைய பருப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் எந்தக் கணக்கும் தோற்கும். அதற்கு மருந்து கூடுதல் நிமிடம் இல்லை, ஒரு மணி நேர ஊறல். புளியை வெந்த பிறகே சேர்க்க வேண்டும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாதத்துக்கும் இதே முறைதான். ஊறிய பச்சரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்து, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 5 நிமிடம். புழுங்கலரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர், 10 முதல் 12 நிமிடம். இது அரிசியை நேராகக் குக்கரில் போடுபவர்களுக்கு. உள்ளே பாத்திரம் வைத்து வேகவிட்டால் சூடு மெதுவாகத்தான் சேரும். இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காய்கறியில்தான் விசில் கணக்கு அதிகம் ஏமாற்றும். நறுக்கிய பீன்ஸுக்கு 'ஒரு விசில்' என்கிறோம். முதல் விசிலிலேயே அணைப்பதால் அங்கே நிமிடம் பூஜ்யம். காய் வேகிறதெல்லாம் அழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். தானாக இறங்கட்டும் என்று விட்டால் பீன்ஸ் பச்சை நிறம் போய்க் குழைந்துவிடும். அணைத்ததும் கரண்டிக் காம்பால் வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஆவியை விட்டுவிடுங்கள். சாதத்தையும் பருப்பையும் இப்படிச் செய்யாதீர்கள், கஞ்சியும் நுரையும் சேர்ந்து பீறிட்டு வரும். முழு உருளைக்கிழங்கு நடுத்தர அளவென்றால் 8 நிமிடம். முழு பீட்ரூட்டுக்கு 15 நிமிடமாவது வேண்டும். கத்தி நுனி தடங்காமல் இறங்கினால் வெந்துவிட்டது.

இந்த எண்கள் எங்கள் குக்கருக்கு. உங்கள் வீட்டில் சரியாக வேகிற அன்றைக்கு, முதல் விசிலிலிருந்து அணைக்கும் வரை ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏழு நிமிடத்தில் வருகிற முதல் விசில் பன்னிரண்டு நிமிடமாகியும் வராமல், மூடி ஓரத்தில் தண்ணீர் சொட்டினால், கேஸ்கட் தளர்ந்துவிட்டது; மாற்றுங்கள்.