அம்மாவின் ராட்டினம்

முதல் வருஷம் பிசிக்ஸ் டெஸ்ட். "கிணற்று ராட்டினத்தின் வழியாக 12 கிலோ நீர் வாளியை சீராக மேலே இழுக்க எவ்வளவு விசை வேண்டும்?" என்று ஒரு கேள்வி. புத்தகத்தில் இல்லாத கேள்வி. ஆனாலும் ராட்டினம் என்றால் கப்பி, கப்பி என்றால் விசை பாதி! 120 நியூட்டனில் பாதி 60 என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். கிடைத்தது முட்டை.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். லீவுக்குப் போனபோது கிணற்றடியில் அம்மாவிடம் கேட்டேன், "ராட்டினம் போட்டா கனம் குறையுமாம்மா?"

"கனம் எங்கடா குறையுது? குனிஞ்சு தூக்க வேணாம், நின்னுக்கிட்டே உடம்புப் பாரத்தப் போட்டு இழுக்கலாம். அவ்வளவுதான்."

கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் இழுத்தால் வாளி ஒரு மீட்டர்தான் ஏறியது. விசை பாதியாக வேண்டுமானால் இரண்டு மீட்டர் இழுத்திருக்க வேண்டும்; அதற்குக் கப்பியும் வாளியோடு சேர்ந்து மேலே ஏற வேண்டும். நான் மனப்பாடம் செய்தது அந்த இயங்கும் கப்பியைத்தான். எங்கள் ராட்டினமோ உத்தரத்தில் கட்டிய நிலைக் கப்பி. திசையை மட்டும் மாற்றும். நான் பெயரைப் பார்த்தேனே தவிர, எது நகர்கிறது என்று பார்க்கவில்லை.

உண்மையில் 120-ம் போதாது, இன்னும் கொஞ்சம் வேண்டும். அச்சில் உராய்வு இருக்கிறதே! கிரீச் கிரீச்சென்று கத்திய அச்சுக்கு அன்று சாயங்காலமே எண்ணெய் விட்டேன்.

"இப்ப கொஞ்சம் லேசா வருதுடா" என்றார் அம்மா.