சாய்ந்து போன ஜூன் மாதம்

புணேயில் மழைப்பொழிவை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவி ஒருவர், தம் தரவு அட்டவணையின் விளக்கத்தை மார்க்டவுனில் எழுதித் தம் நெறியாளருக்குப் பகிர்ந்தார். மறுநாள் காலை நெறியாளர் கேட்ட முதல் கேள்வி: "ஜூனில் ஒரு துளி மழைகூட இல்லையா அம்மா?" அவருடைய கணினித்திரையில் தெரிந்தது இதுதான்:

```
> sum(d$rainjunmm)
[1] 0
```

நிரலின் பெயர் உண்மையில் `rain_jun_mm`. விளக்கப் பக்கம் அதிலிருந்த இரு அடிக்கோடுகளையும் சாய்வெழுத்தின் தொடக்கமாகவும் முடிவாகவும் கொண்டு, அவற்றை விழுங்கிவிட்டு, நடுவிலிருந்த ஜூனை மட்டும் சாய்த்துக் காட்டியிருந்தது. நெறியாளர் கண்ணில் பட்டதை அப்படியே தட்டெழுதினார். பைத்தான் என்றால் பிழைச்செய்தி கொடுத்து நின்றிருக்கும். ஆர் மொழியின் சாதாரண அட்டவணையிலோ, இல்லாத நிரலை `$` கொண்டு கேட்டால் வெறுமையே விடையாக வரும். வெறுமையின் கூட்டுத்தொகை சுழியம். எச்சரிக்கை ஏதுமில்லை.

2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மூல மார்க்டவுன், சொல்லின் நடுவிலுள்ள அடிக்கோட்டையும் அழுத்தக் குறியாகவே படித்தது. பெயருக்கு ஓர் அடிக்கோடுதான் என்றாலும் ஆபத்து நீங்குவதில்லை: ஒரே பத்தியில் `rain_mm`, `temp_c` என்ற இரண்டும் வந்தால், முதற்பெயரின் கோட்டிலிருந்து அடுத்த பெயரின் கோடுவரை இடைப்பட்ட வாக்கியம் முழுவதும் சாய்ந்துவிடும். பெயரின் பாதியில் தொடங்கும் சாய்வே நோயின் அறிகுறி. பின்னர் வந்த காமன்மார்க் விதி, சொல்லின் நடுவிலுள்ள அடிக்கோட்டைத் தொடுவதில்லை. ஆனால் அதிலும் `__init__` தடித்த எழுத்தாகிக் கோடுகளை இழக்கும்.

மாணவி முதலில் ஒவ்வொரு கோட்டின் முன்னும் பின்சாய்கோடு இட்டார். பக்கம் சரியானது, அதே வரியை மின்னஞ்சலில் ஒட்டியபோது `rain\_jun\_mm` என்று சாய்கோடுகளோடே போய்ச் சேர்ந்தது. நெறியாளர் பொறுமைசாலி, அதையும் ஒருமுறை தட்டெழுதிப் பார்த்தார்! பிறகு அவர் பெயர்களைப் பேக்டிக் குறிகளுக்குள் அடைத்தார். மார்க்டவுனை அறிந்த திரையில் அவை நிரல் எழுத்தாகத் தெரியும். அறியாத திரையில் இரு சிறு குறிகள் மிஞ்சும், பெயருக்குச் சேதமில்லை. குறிகளுக்குள் பின்சாய்கோடு இடலாகாது, அது அப்படியே அச்சாகும்.

ஆய்வேடு லேடெக்கில் இருந்ததால் தொல்லை அங்கும் தொடர்ந்தது. சாதாரண உரையில் அடிக்கோடு வந்தால் டாலர் குறி விடுபட்டதென்று அது முறையிடும். கணிதச் சூழலிலோ அடுத்த ஓர் எழுத்தைக் கீழொட்டாக்கிவிடும்.

ஆகவே புதிதாக உருவாக்கிய நிரல்களுக்கு அவர் `rainJunMm` என்ற வடிவத்தைத் தேர்ந்தார். எழுத்துகள் மட்டுமே உள்ள பெயரில் எந்தத் திரையும் கைவைப்பதில்லை. இடைக்கோடு உதவாது, ஆர் அதைக் கழித்தலாகப் படிக்கும். புள்ளி ஆருக்கு உகந்தது, பைத்தானுக்கு ஆகாது. வேறொரு நிறுவனத்திலிருந்து பெற்ற பழைய தரவின் பெயர்களை மட்டும் அவர் மாற்றவில்லை. அவை பேக்டிக் குறிகளுக்குள் இன்றும் அடிக்கோடுகளோடே இருக்கின்றன.