ஏழு ஸ்லைடும் ஒரு பேரும்

எங்க டிபார்ட்மெண்ட் அசோசியேஷனோட இன்ஸ்டா பக்கத்துக்கு மாசம் ஒரு கரோசல் போடணும். போன செமஸ்டர்ல என் பங்குக்கு வந்த தலைப்பு: யுபிஐல பணம் அனுப்புறதுக்கு முன்னாடி பேரையும் லிமிட்டையும் சரிபார்ப்பது. "இதுல என்னடா இருக்கு, பேரைப் பாரு, அனுப்பு. ரெண்டு ஸ்லைடு போதும்"னு டிசைன் பண்ற ஜூனியர் சொன்னான். எனக்கு மட்டும் அப்படித் தோணல. காரணம் என் ரூம்மேட்டோட 14,500 ரூபாய்.

அந்தக் கதை 2024 நவம்பர்ல நடந்தது. அவனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட மறுநாள் கடைசி தேதி. ஊர்ல இருந்து அவன் சித்தப்பா அனுப்புறதா பேச்சு. அவர் போன்ல இவன் பேரைப் போட்டுத் தேடி, வந்த முதல் நம்பருக்கு 14,500 அனுப்பிட்டார். அது இவன் ஃபர்ஸ்ட் இயர்ல வெச்சிருந்த பழைய சிம்மோட நம்பர். ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் கட் ஆகும். கட் ஆகி 90 நாள் கழிச்சு அதே நம்பரை கம்பெனி வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். அப்படித்தான் கொடுத்திருந்தாங்க. புது ஆள் அந்த நம்பர்லயே யுபிஐயும் போட்டுக்கிட்டாங்க. சித்தப்பா ஸ்கிரீன்ல பெருசா தெரிஞ்சது அவரே சேவ் பண்ணி வெச்ச அண்ணன் மகன் பேர். அதுக்குக் கீழ, பொடி எழுத்துல, வேற ஒரு பெண்ணோட பேர். பொடி எழுத்தை யார் படிக்கிறாங்க?

இதுலதான் என் முதல் ஸ்லைடு கிடைச்சது. ஸ்கிரீன்ல ஒரே பேர் இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும், அங்க மூணு விதமான பேர் வரலாம். ஒண்ணு, நம்ம கான்டாக்ட்ல நாமளே எழுதி வெச்சது. அது நம்ம நினைப்பு, அவ்வளவுதான். ரெண்டாவது, கியூஆர் கோடுக்குள்ள எழுதியிருக்கிற பேர். மூணாவது, பணம் வாங்குறவரோட பேங்க் சொல்ற பேர். இதுல மூணாவதை மட்டும்தான் நம்பலாம்.

ரெண்டாவது ஏன் நம்பக்கூடாதுன்னு கேட்டா, கியூஆரைப் பிரிச்சுப் பாருங்க. கடை மேசையில ஒட்டியிருக்கிற அந்தச் சதுரத்துக்குள்ள இருக்கிறது இப்படி ஒரு வரி:

```
upi://pay?pa=kadai@bank&pn=Murugan%20Tea%20Stall&cu=INR
```

`pa` தான் பணம் போற முகவரி. `pn` வெறும் லேபிள். கோடை உருவாக்குறவர் அங்க என்ன வேணா எழுதலாம். எங்க காலேஜ் பேரை `pn`ல போட்டு, `pa`ல தன் சொந்த ஐடியைப் போட்டு ஒரு கோடு தயாரிக்க நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ஒட்டியிருக்கிற கோடு மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுற திருட்டு இந்த இடத்துலதான் வேலை செய்யுது.

மூணாவது பேர் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா அது அழகான விஷயம். நாம நம்பரையோ ஐடியையோ போட்டதும், பின் கேக்குறதுக்கு முன்னாடியே, நம்ம ஆப் அந்த முகவரியை என்பிசிஐ வழியா வாங்குறவரோட பேங்குக்கு அனுப்பி, "இது யாரோடது?"ன்னு கேக்குது. அந்த பேங்க் தன் கணக்குல இருக்கிற பேரைத் திருப்பி அனுப்புது. நிறைய ஆப்ல `Banking name` அப்படின்னு போட்டு வர்றது இதுதான். 2025 ஏப்ரல்ல என்பிசிஐ ஒரு சுற்றறிக்கை விட்டு, ஜூன் 30-க்குள்ள எல்லா ஆப்பும் பணம் அனுப்புற பக்கத்துலயும் அனுப்பின பிறகு வர்ற பக்கத்துலயும் பேங்க் தர்ற பேரை மட்டும்தான் காட்டணும், கியூஆர்ல இருக்கிறதையும் நாமளா வெச்சதையும் காட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. இந்த விதி முன்னாடியே இருந்திருந்தா சித்தப்பா நின்னிருப்பாரான்னு நாங்க ரொம்ப நேரம் பேசினோம். ஜூனியர் நின்னிருப்பார்னான். எனக்குச் சந்தேகம். ஏன்னா ஆளைத் தேடி எடுக்கிறது இன்னமும் கான்டாக்ட் லிஸ்ட்லதான். அங்க "தம்பி"ன்னு பார்த்துத் தொட்ட கை, அடுத்த பக்கத்துல வர்ற பேரைப் படிக்காம தாண்டிப் போயிடும்.

சரி, பேங்க் பேர் தெரியுது. அதை எதோட ஒப்பிடுறது? நம்ம ஊர்ல இது லேசுப்பட்ட வேலை இல்ல. நமக்கு இனிஷியல் முன்னாடி வரும், பின்னாடி வரும், சிலருக்கு அப்பா பேர் முழுசா வரும். டீக்கடை போர்டுல ஒரு பேர் இருக்கும், கணக்கு அண்ணன் சம்சாரம் பேர்ல இருக்கும். பெரிய கடைன்னா போர்டுல இருக்கிறது ஒண்ணு, கம்பெனி பேர் வேற ஒண்ணு. அதனால "பேர் பொருந்தலைன்னா அனுப்பாதே"ன்னு ஸ்லைடுல எழுதினா, பாதி கடையில டீ குடிக்க முடியாது. நான் எழுதினது வேற: "என்ன பேர் காட்டும்?"னு அவங்ககிட்ட முதல்ல கேளு. "கலைச்செல்வின்னு வருதே, சரியா அண்ணே?"ன்னு நாம கேட்டா, வேலை அவசரத்துல யாரா இருந்தாலும் "ஆமா ஆமா"ம்பாங்க. அவங்க வாயால பேர் வரணும், நாம ஸ்கிரீன்ல அதைத் தேடணும். இந்த வரிசை மாறினா சரிபார்த்ததுக்கே அர்த்தமில்ல.

ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கிற பழக்கத்துக்கும் ஒரு ஸ்லைடு கொடுத்தோம். புது ஆளுக்குப் பெரிய தொகை அனுப்பும்போது முதல்ல 1 ரூபாய் அனுப்பி, போன் போட்டு, "வந்துச்சா?"ன்னு கேக்குறது நல்ல வழி. ஆனா அந்த போன் ரொம்ப முக்கியம். நம்ம ஆப்ல பச்சை டிக் வந்தா பணம் யாரோ ஒருத்தருக்குப் போச்சுன்னுதான் அர்த்தம். சரியான ஆளுக்குப் போச்சான்னு அது சொல்லாது. இன்னொண்ணு, ஏமாத்துறவனே பணம் வாங்குறான்னா, பேங்க் பேர் அவன் பேராவே சரியா வரும், ஒரு ரூபாயும் ஒழுங்கா போய்ச் சேரும். இந்தச் சோதனை எல்லாம் ஆள் மாறிப் போறதைத் தடுக்கத்தான். தப்பான ஆளை நம்புறதைத் தடுக்காது. இந்த வரியை ஸ்லைடுல போடலாமா வேணாமான்னு ஒரு சண்டை. போட்டோம்.

இப்ப லிமிட். ரூம்மேட் கதையோட அடுத்த பாதி அங்கதான் இருக்கு. பணம் மாறிப் போனது தெரிஞ்சதும் ஹாஸ்டல்ல ஆறு பேர் சேர்ந்து அவனுக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்துல 14,500 அவன் கணக்குல சேர்ந்துடுச்சு. ஆனா கட்டப் போனா லிமிட் தாண்டிடுச்சுன்னு வருது. கணக்குல பணம் இருக்கு, ஆனா போகல. முந்தின நாள் சாயங்காலம்தான் புது போன் வாங்கி அதுல யுபிஐ போட்டிருந்தான். புதுசா ஒரு போன்ல பதிவு செஞ்சா முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைக்கும்தான் அனுப்ப முடியும். பணம் வர்றதுக்கு இந்தத் தடை இல்ல, போறதுக்கு மட்டும்தான். அவன் பேங்க்கைத் திட்டினான். ஆனா அந்தத் தடை இருக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு: யாராவது நம்ம சிம்மோட டூப்ளிகேட் வாங்கி, தன் போன்ல நம்ம கணக்கைப் போட்டுட்டா, நமக்கு சிக்னல் போனது தெரிஞ்சு சுதாரிக்கிறதுக்குள்ள கணக்கையே துடைச்சு எடுத்துடக்கூடாது. கடைசியில இன்னொரு நண்பன் தன் போன்ல இருந்து நேரா கட்டினான். ஸ்லைடுல இதை ஒரே வரியில வெச்சோம்: ஃபீஸ் கட்டுற வாரத்துல போன் மாத்தாதே, மாத்தினா ஒரு நாள் முன்கூட்டியே மாத்து.

மத்தபடி பொதுவான லிமிட் ஒரு நாளைக்கு 1 லட்சம். கல்வி நிறுவனம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குக் கட்டுறதுக்கு 5 லட்சம் வரைன்னு 2023 டிசம்பர்ல ரிசர்வ் பேங்க் அறிவிச்சது. அது அந்த நிறுவனத்தோட சரிபார்க்கப்பட்ட வணிகக் கணக்குக்குத்தான், தனி ஆள் கணக்குக்கு இல்ல. இதுக்கும் மேல உங்க பேங்க் தன் பங்குக்குக் குறைவா ஒரு லிமிட் வெச்சிருக்கலாம். அதனால கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு அதைக் கண்டுபிடிக்காம, முந்தியே பேங்க் ஆப்ல பார்த்து வெச்சுக்கிறது உத்தமம். சில பேங்க் ஆப்ல அந்த லிமிட்டை நாமளே குறைச்சும் வெச்சுக்கலாம். மாசம் மெஸ் பில்லுக்கு மேல எதுவும் அனுப்பாதவங்களுக்கு 1 லட்சம் எதுக்கு?

சித்தப்பா பணம் என்னாச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. பழைய நம்பர்ங்கிறதால ரூம்மேட்டே அதுக்கு போன் போட்டான். வேற ஒரு மாவட்டத்துல ஒரு அம்மா எடுத்தாங்க. "தெரியாம அனுப்பிட்டோம், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கம்மா"ன்னு இவன் சொன்னதும் அவங்க கட் பண்ணிட்டாங்க. திருடங்க பேசுற வசனமும் அச்சு அசலா இதேதானே! மறுபடி கூப்பிட்டப்ப தெளிவா ஒண்ணு சொன்னாங்க: "நான் உன் காசுக்கு ஆசைப்படல தம்பி. பேங்க்ல இருந்து கேக்கச் சொல்லு, தரேன்." எனக்கு அவங்க மேல கோபமே வரல. அவங்க செஞ்சதுதான் சரியான முறை.

யுபிஐல போன பணத்தை அனுப்பினவர் தானா இழுத்துக்க முடியாது. சித்தப்பா ஆப்ல புகார் பதிவு பண்ணிட்டு, 12 இலக்க யுடிஆர் நம்பரோட தன் பேங்க் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அந்த பேங்க் அம்மாவோட பேங்க்கைக் கேட்டது, அவங்க சம்மதிச்சு எழுதிக் கொடுத்தாங்க, பத்தொன்பதாவது நாள் பணம் வந்தது. அவங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா பேங்க் அந்தக் கணக்குல கை வெச்சிருக்காது. (ஏமாத்திப் பறிச்சிருந்தா கதை வேற. அதுக்கு உடனே 1930-க்கு போன் போடணும்.)

கரோசல் ஏழு ஸ்லைடோட போச்சு. கமெண்ட்ல அதிகம் பேர் கேட்டது பழைய நம்பரை எப்படி எடுக்கிறதுன்னுதான். சிம்மை விடுறதுக்கு முன்னாடி அந்த நம்பர்ல இருக்கிற யுபிஐயை ஆப்ல நீக்குங்க, பேங்க்ல புது நம்பரை மாத்துங்க, வீட்டுல அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா போனை எல்லாம் வாங்கிப் பழைய கான்டாக்டை நீங்களே அழிங்க. என் ரூம்மேட் அந்தப் பொங்கல் லீவுல ஊருக்குப் போய் ஒன்பது போன்ல அழிச்சுட்டு வந்தான். பாட்டி போன்ல மட்டும் அவன் பேர்ல மூணு நம்பர் இருந்ததாம், அதுல ஒண்ணு அவனோடதே இல்லையாம்.